கடன் தவணை போக மிஞ்சும் பணத்தை வைத்துத் திட்டத்தை மதிப்பிடும்போது: விடை ஏன் பொருந்தவில்லை?

ஒரு திட்டத்தை மதிப்பிட இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, கடனைக் கண்டுகொள்ளாமல் திட்டம் மொத்தமாகத் தரும் பணத்தை எடுத்து, சராசரி மூலதனச் செலவில் தள்ளுபடி செய்வது. இன்னொன்று, வட்டியும் அசல் தவணையும் கட்டிய பிறகு பங்குதாரர் கையில் மிஞ்சும் பணத்தை எடுத்து, பங்கு மூலதனச் செலவில் தள்ளுபடி செய்வது. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. பார்க்க எளிமையாக இருந்தாலும், விடை விலகிப்போவது இதில்தான் அதிகம். என்ன அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்தான் வருகிறது, ஆகையால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

திட்டத்துக்கு இன்று 1,000 தேவை. மூன்று ஆண்டுகள் ஓடும். ஆண்டுக்கு 333.33 தேய்மானம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 222.22. வரி 25%. கடனே இல்லை என்று வைத்தால் ஆண்டுதோறும் கைக்கு வருவது 500. கடனில்லாத நிலையில் இப்படிப்பட்ட தொழிலுக்கு முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம் 12%. வங்கி 8% வட்டிக்குக் கடன் தருகிறது. நிர்வாகம் வைத்திருக்கும் இலக்கு, மதிப்பில் 40% கடன், 60% பங்கு மூலதனம்.

இந்த இலக்குப்படி பங்கு மூலதனச் செலவு 12 + (40/60) × (12 − 8), அதாவது 14.67%. சராசரி மூலதனச் செலவு 0.6 × 14.67 + 0.4 × 8 × 0.75, அதாவது 11.2%. வங்கி உண்மையில் கொடுத்தது 400. மூன்று சம தவணைகளில் அசலைத் திருப்ப வேண்டும், தவணைக்கு 133.33. பங்குதாரர் போடுவது 600.

பங்குதாரருக்கு மிஞ்சுவது இப்படி வரும். முதல் ஆண்டில் 500இலிருந்து வரி மிச்சம் போக வட்டி 24ஐயும் அசல் 133.33ஐயும் கழித்தால் 342.67. இரண்டாம் ஆண்டில் வட்டி 16 ஆகிவிடுவதால் 350.67. மூன்றாம் ஆண்டில் வட்டி 8, மிஞ்சுவது 358.67.

அறிகுறி: ஒவ்வொரு ஆண்டும் பணம் நன்றாக வருகிறது, ஆனால் நிகர இன்றைய மதிப்பு எதிர்மறை

மேலே உள்ள மூன்று தொகைகளை 14.67%இல் தள்ளுபடி செய்தால் கூட்டுத்தொகை 803.43. அதிலிருந்து 1,000ஐக் கழித்தால் −196.57. திட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடும் விடை இது.

கழிக்க வேண்டியது 600. கடனாக வந்த 400 தொடக்க நாளில் உள்ளே வரும் பணம். அது வந்த இடத்தில் எழுதப்படாமல், அதற்கான வட்டியும் அசலும் மட்டும் வெளியே போனால் திட்டம் ஒரே கடனுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறது. உங்கள் தாளில் தொடக்க நாளுக்கான நெடுவரிசையில் கடன் வரவு என்று ஒரு தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

அறிகுறி: விடை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்

அதே தொகைகளை 11.2%இல் தள்ளுபடி செய்தால் நிகர இன்றைய மதிப்பு 252.58 வரும். வீதத்தைக் கவனியுங்கள். 11.2% என்பது கடன்காரருக்கும் பங்குதாரருக்கும் சேர்த்து வரும் பணத்துக்கான வீதம். கடன்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சும் பணத்தில் ஆபத்து கூடுதல், அதற்கு அந்த வீதம் போதாது. பணவோட்டம் யாருடையதோ வீதமும் அவருடையதாக இருக்க வேண்டும். இதைச் சரிசெய்ய ஒரு கலத்தை மாற்றினால் போதும்.

அறிகுறி: இரண்டு வழிகளும் வேறு வேறு விடை தருகின்றன

அதிகம் குழப்புவது இதுதான். மொத்தப் பணவோட்டத்தை 11.2%இல் தள்ளுபடி செய்தால் 500, 500, 500 என்பதன் இன்றைய மதிப்பு 1,217.62. முதலீடு 1,000 போக 217.62. பங்குதாரர் வழியில், 600ஐ ஒழுங்காகக் கழித்த பிறகும், வருவது 203.43. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. வீதங்களும் ஒரே 40% இலக்கிலிருந்துதான் வந்தன. பிறகு ஏன் 14க்கு மேல் இடைவெளி?

இரண்டு தாள்களும் இரண்டு வேறு கடன்களைப் பற்றிப் பேசுகின்றன. 11.2% என்ற வீதத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒவ்வொரு ஆண்டும் கடன் என்பது அப்போதைய மதிப்பில் சரியாக 40%. தொடக்க மதிப்பு 1,217.62 என்றால் கடன் 487.05 ஆக இருக்க வேண்டும், 400 அல்ல. திட்டச் செலவில் 40% என்பது வேறு, திட்ட மதிப்பில் 40% என்பது வேறு. ஓராண்டு கழிந்ததும் மீதி மதிப்பு 853.99, அதற்குரிய கடன் 341.60. இரண்டாம் ஆண்டு முடிவில் மீதி மதிப்பு 449.64, கடன் 179.86.

இந்தக் கடனையே பங்குதாரர் தாளிலும் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் வரி மிச்சம் போக வட்டி 29.22, அசல் 145.45 போக 325.33 மிஞ்சும். அடுத்த ஆண்டு 317.76, கடைசி ஆண்டு 309.35. இவற்றை 14.67%இல் தள்ளுபடி செய்தால் 730.57. பங்குதாரர் போட்டது 1,000 − 487.05, அதாவது 512.95. நிகர இன்றைய மதிப்பு 217.62. ஒரு காசு கூட விலகவில்லை.

இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் தாளில் கடனைத் தற்காலிகமாக அழித்துவிட்டு, மேலே செய்ததுபோல் மதிப்பில் நிலையான விகிதமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழிகளும் அப்போது ஒத்துப்போனால் உங்கள் சூத்திரங்கள் சரி, சிக்கல் கடன் அட்டவணைக்கும் வீதத்துக்கும் இடையில்தான். அப்போதும் ஒத்துப்போகவில்லை என்றால் வரியிலோ, அசல் கழிக்கும் இடத்திலோ, ஓராண்டு தள்ளி எழுதிய ஏதோ ஒரு வரியிலோ பிழை இருக்கிறது. அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

சரி, நிஜமான 400 கடனுக்கு வருவோம். எந்த விடை சரி, 217.62ஆ 203.43ஆ? இரண்டும் இல்லை. கடனில்லாத திட்டத்தின் மதிப்பை 12%இல் தனியாகவும், வட்டியால் மிச்சமாகும் வரியைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டிப் பார்த்தால் இது தெரியும். கடனில்லாத நிகர மதிப்பு 200.92. வரி மிச்சத்தைக் கழிக்காத முழு வட்டி மூன்று ஆண்டுகளில் 32, 21.33, 10.67. அதில் 25% மிச்சம் என்றால் 8, 5.33, 2.67. அவற்றையும் 12%இல் தள்ளுபடி செய்தால் 13.29. மொத்தம் 214.21.

ஆக, சராசரி வீதத் தாள் 3.4 கூட்டிச் சொன்னது, பங்குதாரர் தாள் 10.8 குறைத்துச் சொன்னது. பங்குதாரர் தாளின் விலகல் மூன்று மடங்கு பெரிது, அது தற்செயல் அல்ல. கடன் விகிதம் மாறும்போது சராசரி வீதத்தில் அசைவது வட்டிக்கான வரிச் சலுகை மட்டுமே. கடன் விகிதம் 40%இலிருந்து 33%க்கு இறங்கினால் அந்த வீதம் 11.2இலிருந்து 11.34க்குத்தான் போகும். பங்கு மூலதனச் செலவோ 14.67இலிருந்து கிட்டத்தட்ட 14க்கு இறங்கும். வங்கித் தவணை அட்டவணை முன்கூட்டியே எழுதப்பட்ட திட்டங்களில் ஒரே வீதத்தைப் பிடித்துக்கொண்டு பங்குதாரர் பணத்தைத் தள்ளுபடி செய்வது ஆபத்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நம் உதாரணத்தில் உண்மையான விகிதங்கள் என்ன? தொடக்கத்தில் கடன் 400, பங்குதாரரின் மதிப்பு 814.21. விகிதம் 0.491, ஆகவே முதல் ஆண்டுக்கான வீதம் 13.97%. அடுத்த ஆண்டு கடன் 266.67, பங்குதாரர் மதிப்பு 585.25, வீதம் 13.82%. மூன்றாம் ஆண்டுக்கு 133.33, 315.48, வீதம் 13.69%. ஒவ்வொரு ஆண்டின் பணத்தையும் அந்தந்த ஆண்டின் வீதத்தில், கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிக் கொண்டுவந்தால் 814.21 கிடைக்கும். 600 போக 214.21.

14.67% என்பது இந்தத் திட்டத்தின் எந்த ஆண்டுக்கும் உரிய வீதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கு 40% என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் வாங்கிய கடன் மதிப்பில் 33%இல் தொடங்கி 30%க்கு இறங்குகிறது.

அறிகுறி: ஆண்டுதோறும் வீதம் மாற்றப் போனால் எக்செல் சுழற்சிக் குறிப்பு என்று எச்சரிக்கிறது

எச்சரிக்கை நியாயமானதே. வீதத்தைக் கண்டுபிடிக்கப் பங்குதாரர் மதிப்பு வேண்டும், அந்த மதிப்பைக் கண்டுபிடிக்க வீதம் வேண்டும். பலர் இங்கே திரும்பத் திரும்பக் கணக்கிடும் வசதியை இயக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சரியான எண்ணில் வந்து நிற்கும். ஆனால் தாளில் எங்காவது ஒரு பிழைக் குறி நுழைந்துவிட்டால் அது சுற்றிச்சுற்றி எல்லாக் கலங்களிலும் பரவி, மூலத்தைத் திருத்திய பிறகும் போகாமல் நின்றுவிடும். வேறு இடத்தில் தெரியாமல் விழுந்த சுழற்சியையும் அது மறைத்துவிடும்.

அந்த வசதி இங்கே தேவையே இல்லை. வீதத்துக்கான சூத்திரத்தை மதிப்புக்கான சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால் வீதம் மறைந்துவிடுகிறது:

```
E[t-1] = (CF[t] + E[t] - D[t-1]*(rU - rD)) / (1 + rU)
rE[t]  = rU + D[t-1]/E[t-1]*(rU - rD)
```

இதில் `E` பங்குதாரர் மதிப்பு, `CF` தவணை போக மிஞ்சிய பணம், `D` ஆண்டுத் தொடக்கத்தில் நிலுவையில் உள்ள கடன், `rU` கடனில்லா வீதம், `rD` கடன் வட்டி. கடைசி ஆண்டு முடிவில் `E` பூஜ்யம். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

மூன்றாம் ஆண்டு: 358.67இலிருந்து 133.33 × 0.04, அதாவது 5.33ஐக் கழித்தால் 353.33. அதை 1.12ஆல் வகுத்தால் 315.48. இரண்டாம் ஆண்டு: 350.67 + 315.48 − 10.67 என்பது 655.48, வகுத்தால் 585.25. முதல் ஆண்டு: 342.67 + 585.25 − 16 என்பது 911.91, வகுத்தால் 814.21. முன்பு வந்த அதே எண். வீதம் என்னவென்று அறிக்கையில் காட்ட வேண்டுமென்றால் இரண்டாவது வரி அதைத் தந்துவிடும். அது மதிப்பைப் பார்த்து வருகிறது, மதிப்பு அதைப் பார்த்து வருவதில்லை, ஆகவே சுழற்சி இல்லை.

திட்டத்தின் ஆயுள் முடிவில் நிலத்துக்கோ இயந்திரத்துக்கோ மீதி மதிப்பு இருந்தால், கடைசி `E` பூஜ்யமாக இருக்காது. அன்றைய மீதி மதிப்பிலிருந்து அன்றைய கடன் நிலுவையைக் கழித்து அங்கே போடுங்கள். கழிக்க மறந்தால் திருப்பாத கடன் பங்குதாரருக்கு இலவசமாகப் போய்ச் சேரும்.

அறிகுறி: கடனைக் கூட்டக் கூட்ட மதிப்பும் ஏறிக்கொண்டே போகிறது

வங்கி 400க்குப் பதில் 800 தர முன்வந்தது என்று வைப்போம். பங்குதாரர் போடுவது 200 மட்டும். மிஞ்சும் பணம் 185.33, 201.33, 217.33. வீதத்தைத் தொடாமல் 14.67%இலேயே தள்ளுபடி செய்தால் நிகர இன்றைய மதிப்பு 258.90. முன்பு 203.43 ஆக இருந்தது. கடனை இரட்டிப்பாக்கியதால் மட்டும் 55 லாபம் என்று தாள் சொல்கிறது.

கடன் இரட்டித்தால் உண்மையில் கூடுவது வரி மிச்சம் மட்டுமே. அது 13.29இலிருந்து 26.59 ஆகும், சரியான விடை 227.50. மீதி எல்லாம் வீதம் உறைந்துபோனதால் வந்த மாயை. 14.67% கேட்ட பங்குதாரர்கள், தாங்கள் போட வேண்டிய பணத்தின் இடத்தை 8% கடன் நிரப்பினால், அதே 14.67% இனியும் போதும் என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் வரிசையில் 800 நிற்கிறது. முதல் ஆண்டில் கடன் பங்குதாரர் மதிப்பைப்போல் 1.87 மடங்கு, அவர்கள் கேட்கும் வீதம் 19.5%.

பங்குதாரரின் உள்வருவாய் வீதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த மாயை இன்னும் பெரிதாகத் தெரியும். 400 கடனில் அது 34%, 800 கடனில் சுமார் 81%. திட்டம் அதேதான், தரும் பணம் அதேதான், உருவான கூடுதல் மதிப்பு 13. அந்த 81% யாருக்கு எவ்வளவு ஆபத்தில் கிடைக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதாமல் ஒரு கூட்டத்தில் காட்டுவது முடிவெடுப்பவர்களைத் தவறான பக்கம் தள்ளும்.

சோதனை எளிது. கடன் தொகையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நிகர இன்றைய மதிப்பு எவ்வளவு அசைந்ததோ, அது வரி மிச்சத்தின் இன்றைய மதிப்பு அசைந்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். வரி வீதத்தைப் பூஜ்யமாக்கினால் அசையவே கூடாது. மோடிக்லியானியும் மில்லரும் 1958இல் சொன்னதும் அதுதான். வட்டி வீதத்தைச் சந்தைக்குக் கீழே யாராவது சலுகையாகத் தந்திருந்தால் மட்டும் இதற்கு விலக்கு, அப்போது அந்தச் சலுகையின் மதிப்பைத் தனி வரியாகக் காட்டுவது நல்லது.

இன்னொன்றும் இங்கே சேர்த்துப் பாருங்கள். கடன் கூடும்போது வட்டி 8%ஆகவே நிற்பதும் ஓர் அளவு வரைதான். 800 கேட்டால் வங்கி 9 அல்லது 10 சொல்லலாம். அந்த நிலையில் `rD`யையும் மாற்ற வேண்டும். அப்புறம், ஒப்பந்த வட்டி என்பது கட்டுவதாகச் சொன்ன வீதம், கடன் மூழ்கும் வாய்ப்பைக் கழித்தால் வங்கி உண்மையில் எதிர்பார்ப்பது அதைவிடக் குறைவு. கடன் மிதமாக இருக்கும்வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிக அதிகமானால் இந்தச் சூத்திரம் பங்குதாரர் ஆபத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் ஒன்றுக்குக் குறைவான ஒரு வித்தியாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது

நம் உதாரணத்தில் 214.21 என்றும் 215.01 என்றும் இரண்டு தாள்கள் வந்தால், வரி மிச்சத்தை எந்த வீதத்தில் தள்ளுபடி செய்தார்கள் என்று கேளுங்கள். 12%இல் செய்தால் 13.29, கடன் வட்டியான 8%இல் செய்தால் 14.10. கடன் திட்டத்தின் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் என்றால் முதலாவது பொருத்தம், அட்டவணை என்ன ஆனாலும் மாறாது என்றால் இரண்டாவது பொருத்தம். எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எல்லா வழிகளிலும் ஒன்றையே பிடிக்க வேண்டும். மேலே கொடுத்த சூத்திரம் முதலாவதுக்கு உரியது.

வீதச் சூத்திரத்தில் வரியைக் கழித்து (1 − 0.25) என்று பெருக்கியிருந்தால் அதையும் கவனியுங்கள். 1972இல் ஹமாடா எழுதிய பீட்டா சூத்திரத்திலும் இதே பெருக்கல் இருக்கிறது. கடன் தொகை என்றைக்கும் மாறாமல் நிற்கும் என்ற அனுமானத்தில் வந்தது அது. மூன்று ஆண்டில் தீர்ந்துபோகும் கடனுக்கு அதைப் போட்டால் பங்கு மூலதனச் செலவு குறைவாக வரும். பிற நிறுவனங்களின் பீட்டாவைக் கடன் நீக்கிக் கடன் சேர்க்கும் இடத்திலும் இதையே பாருங்கள். நீக்கும்போது ஒரு சூத்திரம், சேர்க்கும்போது வேறு சூத்திரம் என்று இருந்தால் எங்கே தேடினாலும் அந்த வித்தியாசம் போகாது.

அறிகுறி: தாள் காட்டும் பணம் வங்கிக் கணக்கில் வருவதில்லை

மதிப்பு பொருந்துகிறது, ஆனால் முதல் ஆண்டில் பங்குதாரருக்கு வர வேண்டிய பணம் நிஜத்தில் குறைகிறது என்றால் வருமான வரியைக் கணக்கிடும் வரியைத் திறந்து பாருங்கள். வட்டியை 0.75ஆல் பெருக்கி ஒரே வரியில் கழித்திருப்பார்கள். முழு வட்டிக்கும் அதே ஆண்டில் வரி மிச்சமாகிறது என்று இதற்கு அர்த்தம். நம் உதாரணத்தில் லாபம் 222, வட்டி 32, ஆகவே பிரச்சினை இல்லை.

தொடக்க ஆண்டில் உற்பத்தி முழு வேகத்தில் இல்லாமல் லாபம் 20 மட்டும் என்றால் கதை வேறு. 32 வட்டியில் 20க்குத்தான் வரி மிச்சம், அதாவது 5. தாளோ 8 மிச்சமானதாகக் காட்டும். மீதி 12 நட்டமாக முன்னோக்கிப் போய், லாபம் வரும் ஆண்டில்தான் 3ஐ மிச்சப்படுத்தும். எவ்வளவு ஆண்டு வரை முன்னோக்கிக் கொண்டுபோகலாம் என்பது அந்தந்த வரிச் சட்டத்தைப் பொறுத்தது. வட்டியைக் கழித்த லாபத்துக்கு வரியை ஆண்டுவாரியாகத் தனி வரியில் கணக்கிட்டு, நட்டத்துக்கு ஒரு நிலுவைக் கணக்கும் வைத்தால் இது தானாகச் சரியாகும்.

வரியும் சரியாக இருந்து பணம் குறைந்தால், கடன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொல்லும் நிபந்தனை இருந்தால், அப்படி ஒதுக்கிய பணம் பங்குதாரருக்கு வந்ததாக ஆகாது. ஒதுக்கும் ஆண்டில் அதைக் கழியுங்கள், விடுவிக்கும் ஆண்டில், பெரும்பாலும் கடைசித் தவணையோடு, கூட்டுங்கள்.